உச்சி வெயிலில் ஒரு ‘டப்’: கதை, காமெடி வீடியோவில் பேச்சை அமுக்காமல் சத்தம் சேர்ப்பது எப்படி

என் அத்தை மகன் நன்றாகக் கதை சொல்வான். குலசேகரம் பக்கம் தாத்தாவின் ரப்பர் விளையில் நடந்ததாக அவன் சொல்லும் ஒரு கதை உண்டு. உச்சி வேளையில் பால் எடுக்கப் போன தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் யாரோ விரல் சொடுக்குவது போல ‘டப்’ என்று ஒரு சத்தம். திரும்பினால் ஆள் இல்லை. மறுபடியும் ‘டப்’. உச்சிப்பேய் என்று நினைத்து வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறார். அது பேயல்ல, முற்றிய ரப்பர் காய் வெயிலில் வெடித்த சத்தம் என்று அம்மச்சி சொல்வதோடு கதை முடியும்.

இரண்டு நிமிடம் இருபது விநாடிக் கதை. முதல் தடவை எடிட் செய்தபோது அதில் 23 சத்தங்களை வைத்தேன். பறவை, காற்று, காலடி, இதயத் துடிப்பு, ஸ்பிரிங் துள்ளும் ‘பொய்ங்’, கடைசியில் கூட்டச் சிரிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. அடுக்களையில் நின்ற அத்தையிடம் போட்டுக் காட்டினேன். “சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது மக்கா, அவன் என்ன சொல்லுதான்?” என்று கேட்டார். கடைசியில் அந்த வீடியோவில் நின்றது ஏழு சத்தம்தான். அந்த ஏழையும் எப்படித் தேர்ந்தெடுத்து, எங்கே, எவ்வளவு வைத்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நான் பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் Audacity. வேறு செயலி என்றாலும் வேலை இதேதான்.

முதலில் பேச்சை மட்டும் முடியுங்கள்

ஒரு சத்தமும் சேர்க்காமல், பேச்சை மட்டும் வைத்துக் கதையை முழுதாக வெட்டி ஒட்டி முடித்துவிடுங்கள். தேவையற்ற ‘அப்புறம்’, ‘வந்து’ எல்லாம் போகட்டும். ஆனால் இடைவெளிகளை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். சத்தம் உட்காரப்போவது அந்த இடைவெளிகளில்தான். நான் முதலில் எல்லா மௌனத்தையும் கத்தரித்து வேகமாக ஓடவிட்டிருந்தேன். பிறகு ‘டப்’ வைக்க இடம் தேடியபோது அரை விநாடி கூட இல்லை. பழைய பதிவை எடுத்து மீண்டும் வெட்ட வேண்டியதாயிற்று.

பேச்சின் அளவையும் இப்போதே நிலைநிறுத்துங்கள். மீட்டரில் பேச்சு சாதாரணமாக -12 டெசிபல் அருகே ஆடி, கத்தும் இடத்தில் -6-ஐத் தொட்டால் போதும். இனிமேல் பேச்சின் அளவில் கை வைக்க மாட்டோம். மற்ற எல்லாம் இதைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். சத்தம் கேட்கவில்லையே என்று பேச்சைக் குறைக்க ஆரம்பித்தால், அதன் பிறகு அந்த வேலைக்கு முடிவே இருக்காது.

அடுத்து, கதையை எழுதி வைத்துக்கொண்டு பேனாவோடு கேளுங்கள். வாய் சொல்லாத எதையாவது சத்தம் சொல்லுமா என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள். “தாத்தா நடந்து போனாரு” என்ற வரியில் காலடிச் சத்தம் வைத்தால் அவன் சொன்னதையே இன்னொரு முறை சொல்வதாகத்தான் ஆகும். என் 23-இல் பாதிக்கு மேல் இப்படித்தான் கழிந்தது.

இதில் நம்மூர் கதைசொல்லிகளிடம் தனியாக ஒரு சிக்கல் உண்டு. வாயாலேயே சத்தம் போட்டுவிடுவார்கள். அவன் ‘டப்’ என்று சொல்லும் அதே கணத்தில் நானும் ஒரு ‘டப்’ வைத்தேன். இரண்டும் மோதி, ஏதோ பதிவுக் கோளாறு போலக் கேட்டது. இதற்கு இரண்டே வழிதான். அவன் வாய்ச் சத்தம் நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதுதான் சிரிப்பு. இல்லையென்றால் அந்தச் சொல்லை வெட்டி எடுத்துவிட்டு அதன் இடத்தில் உண்மைச் சத்தத்தை வையுங்கள். நான் முதல் இரண்டு ‘டப்’களில் அவன் சொன்னதை நீக்கினேன். ஓடும்போது அவன் வாயால் சொல்லும் “டப் டப் டப்”பை அப்படியே விட்டேன்.

விளையின் சத்தத்தை எடுப்பது

பின்னணிக்கு வேண்டியது பகல் நேரத்து ரப்பர் விளை. அதாவது சில்வண்டு. இதற்கு இணையத்தில் கிடைக்கும் ‘காடு’ சத்தங்களை எடுத்தால், நம் மரங்களில் இல்லாத பறவை ஏதாவது கூவும். குமரி மாவட்டத்துக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் போனை எடுத்துக்கொண்டு விளைக்கே போய்விட்டோம்.

போனில் எடுப்பதானால் முதலில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அப்புறம் ரெக்கார்டர் செயலியின் அமைப்பில் இரைச்சல் குறைப்பு இருந்தால் அணையுங்கள். பல போன்கள் மனிதக் குரலைத் தவிர, விடாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று நினைத்துத் தானாகவே அழித்துவிடும். சில்வண்டு, மழை, கடல் எல்லாம் அதற்கு இரைச்சல்தான். இப்படி நடந்திருக்கிறதா என்று எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். பதிவு தொடங்கும்போது சத்தமாக இருந்து, இரண்டு மூன்று விநாடியில் தண்ணீருக்குள் போனது போல மங்கினால் செயலி வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். வேறு செயலியில் எடுங்கள். WAV கோப்பாகச் சேமிக்க வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

போனைக் கையில் பிடிக்காமல், ஒரு துணியை மடித்து அதன் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குறைந்தது மூன்று நிமிடம் எடுங்கள். மைக்கின் மேல் காற்று நேராக அடித்தால் ‘புரு புரு’ என்று ஒரு கனத்த சத்தம் விழும். விளைக்குள் அவ்வளவு தொல்லை இல்லை. ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் எடுப்பவர்கள் சுவரின் மறைவு இல்லாமல் முயல வேண்டாம், துணி சுற்றினாலும் போதாது. எங்களுக்கு வந்த தொல்லை வேறு. தூரத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள். சொல் புரியும்படி ஒரு குரல் பின்னணியில் இருந்தால், எவ்வளவு மெதுவாக இருந்தாலும் காது அதன் பின்னால் போய்விடும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்தோம்.

காய் வெடிக்கும் சத்தத்துக்குப் பொறுமை வேண்டும். ரப்பர் காய் மூன்று அறை கொண்டது. நன்றாக முற்றிக் காய்ந்ததும் ஓடு இழுபட்டுத் திடீரென்று வெடிக்கும், கொட்டைகள் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக்கூடப் போய் விழும். முற்றிய காய்கள் சிலவற்றைப் பொறுக்கி, முற்றத்தில் வெயிலில் பரப்பி, மேலே ஒரு கம்பிக் கூடையைக் கவிழ்த்து, இரண்டு மீட்டர் தள்ளிப் போனை வைத்து ஓடவிட்டேன். எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மதியம் முழுக்கக் காத்திருந்து உருப்படியாக நான்கு கிடைத்தது. முதலில் அரை மீட்டரில் வைத்திருந்தேன். வெடித்த கணம் அலைவடிவத்தின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு, ‘டப்’ என்பது ‘கர்ர்’ என்று கேட்டது. அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு சரிசெய்ய முடியாது. தள்ளி வைத்துத் திரும்ப எடுப்பதுதான் வழி.

காய்க்கும் பருவம் இல்லையென்றால் காய்ந்த பனையோலை மட்டையை முறித்துப் பாருங்கள், ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் கவனித்துக் கேட்டால் இந்தச் சத்தத்துக்கு இரண்டு பாகம் உண்டு. முதலில் வெடிப்பு. அரை விநாடி, ஒரு விநாடி கழித்துக் கொட்டைகள் சருகில் விழும் ‘சட சட’. அந்த இரண்டாம் பாகத்தைத் தனியாக எடுத்தேன், தரையில் சருகைப் பரப்பி நாலு கொட்டையைக் கையிலிருந்து விட்டு. காமெடியில் வெடிப்பைவிட அதுதான் அதிகம் உதவியது. தாத்தாவின் கண் எங்கே திரும்பியிருக்கும் என்பதைப் பார்ப்பவருக்கு அது காட்டிவிடுகிறது.

நீங்களே எடுக்க முடியாத சத்தம் என்றால் YouTube Audio Library, Freesound போன்ற இடங்களில் தேடலாம். Freesound-இல் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு. CC0 என்றிருந்தால் தாராளமாக எடுக்கலாம். Attribution என்றிருந்தால் எடுத்தவர் பெயரை விவரத்தில் போட வேண்டும். NonCommercial என்றிருந்தால் வருமானம் வரும் வீடியோவில் போடக்கூடாது. சினிமா காமெடி வசனத் துண்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். காப்புரிமைக் கோரிக்கை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் நான் தொடுவதில்லை.

பின்னணியைப் பேச்சுக்குக் கீழே விரிப்பது

சில்வண்டுப் பதிவைப் பேச்சுக்குக் கீழே வேறொரு ட்ராக்கில் போடுங்கள். பேச்சைவிட 20 டெசிபல் கீழே தொடங்குவது நல்ல கணக்கு. அதாவது பேச்சு -12 அருகே ஆடினால் பின்னணி -32 அருகே ஆட வேண்டும். ஹெட்போனில் இது ‘இருக்கிறதா இல்லையா’ என்ற அளவில் கேட்கும். அப்படித்தான் கேட்க வேண்டும். இருக்கும்போது தெரியாமல், நிறுத்தினால் மட்டும் தெரிய வேண்டும்.

ஆனால் அளவைக் குறைத்தும் எங்கள் பேச்சு தெளியவில்லை. ‘சிரட்டையில பால் நிறைஞ்சிருந்துது’ என்று அவன் சொல்வது ‘இரட்டையில’ என்று கேட்டது. காரணம் அளவு இல்லை, சுருதி. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழ் அலைவரிசைகளில் இருக்கும். சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளோ பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும். சொல்லின் முதலில் வரும் ‘ச’ அதைவிடவும் மேலே, 4000-ஐத் தாண்டிப் போகும். சில்வண்டு கத்துவதும் அங்கேயேதான். ஒரே இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மெலிந்தவர் காணாமல் போவார். ‘ச’ தான் மெலிந்தது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். Audacity-யில் ட்ராக்கின் காட்சியை Spectrogram என்று மாற்றினால், விடாமல் கத்தும் சில்வண்டு ஒரு கிடைக்கோட்டுப் பட்டையாகத் தெரியும். எங்கள் பதிவில் அது 5000-க்கும் 7000-க்கும் இடையில் இருந்தது. Filter Curve EQ-ஐத் திறந்து பின்னணி ட்ராக்கில் அந்த இடத்தை மட்டும் 8 டெசிபல் இறக்கினேன். 1000 முதல் 4000 வரை மெதுவாக 4 டெசிபல் இறக்கினேன். 120-க்குக் கீழே உள்ளதை முழுவதுமாக வெட்டினேன். அது காற்றும் தூரத்து லாரியும்தான், போன் ஸ்பீக்கரில் எப்படியும் கேட்காது. இவ்வளவு செய்ததும் ‘சிரட்டை’ திரும்பி வந்தது. பேச்சு ட்ராக்கில் ஒன்றும் செய்யவில்லை.

இந்த வித்தை சில்வண்டுக்கு நன்றாகப் பலிக்கும், ஏனென்றால் அது ஒரு குறுகிய இடத்தில் இருக்கிறது. முட்டம் கடற்கரை அலைக்கோ தகரக் கூரை மழைக்கோ பலிக்காது. அவை கீழிருந்து மேல்வரை எல்லா அலைவரிசையிலும் பரவியிருக்கும், எதை வெட்டினாலும் மீதி பேச்சை மூடும். அவற்றைப் பேச்சுக்கு அடியில் 25 டெசிபலுக்கும் கீழே வைத்து, பேச்சு நிற்கும் இடத்தில் மட்டும் மேலே எழுப்புவதுதான் நல்லது.

அந்த எழுப்புதல், தாழ்த்தலைத் தானாகச் செய்ய Auto Duck இருக்கிறது. பின்னணி ட்ராக் மேலே, அதற்கு நேர் கீழே பேச்சு ட்ராக். பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து இயக்க வேண்டும். அதில் தாழ்த்தும் அளவு -12 டெசிபல் என்று இருக்கும். பாட்டுக்கு அது சரி, சுற்றுப்புறச் சத்தத்துக்கு அதிகம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விளை முழுவதும் மூச்சு வாங்குவது போலக் கேட்கும். -5 அல்லது -6 போதும். Maximum pause என்பதை 2 விநாடிக்கு ஏற்றினால், சிறு இடைவெளிகளில் பின்னணி எழும்பாது. நான் கடைசியில் இதையும் விட்டுவிட்டுக் கையாலேயே ஏற்றி இறக்கினேன். எங்கே மௌனம் வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

பதிவு போதாமல் திரும்ப ஒட்ட வேண்டியிருந்தால் இரண்டு விநாடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையவிடுங்கள். அதற்கு முன் தனியாகத் தெரியும் சத்தம், ஒரு காகமோ நாயோ இருந்தால் நீக்கிவிடுங்கள். அதே காகம் நாற்பது விநாடிக்கு ஒருமுறை கரைந்தால் சிரிப்பு வேறு இடத்தில் வரும்.

இன்னொன்று. நடித்துக் காட்டும் காமெடியில், படத்தில் தெரியும் இடத்தின் சத்தம் எல்லா ஷாட்டிலும் அறுபடாமல் ஓட வேண்டும், நின்றால் வெட்டு தெரியும். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சொல்லும் கதையில் அப்படி இல்லை. கதை விளைக்குள் போகும்போது வந்து, வெளியே வரும்போது போகலாம்.

சத்தம் எந்தக் கணத்தில்

எங்கள் கதையில் முதல் 12 விநாடி அறிமுகம், அங்கே ஒன்றுமில்லை. “விளைக்குள்ள போனாரு” என்று சொல்லி மூச்செடுக்கும் இடத்தில் சில்வண்டு மூன்று விநாடியில் மெல்ல எழுகிறது. பேச்சின் நடுவே எழுப்பியிருந்தால் கவனம் சிதறியிருக்கும். 48-ஆவது விநாடியில் முதல் ‘டப்’. தூரத்தில், மெதுவாக. அதற்காக அதன் உயர் அலைவரிசைகளைக் கொஞ்சம் மழுக்கி, 10 டெசிபல் இறக்கினேன். அவன் அதைக் கவனிக்காதது போல மேலே பேசுகிறான். பார்ப்பவரில் சிலர் ‘ஏதோ கேட்டதே’ என்று நினைப்பார்கள். ஒரு நிமிடம் ஐந்தில் இரண்டாவது, கொஞ்சம் கிட்டத்தில், சருகில் கொட்டை விழும் சத்தத்தோடு. இப்போது அவனும் நிறுத்துகிறான்.

பெரிய ‘டப்’ ஒரு நிமிடம் இருபதில். “திரும்பிப் பாத்தாரு... ஒருத்தனும் இல்ல.” இந்த ‘இல்ல’வின் கடைசி ஒலி அடங்கியதும் சில்வண்டைச் சட்டென்று நிறுத்தினேன். விளையில் நிஜமாகவே சில நேரம் எல்லாச் சில்வண்டும் ஒன்றாக நின்றுவிடும் என்பதால் இது உறுத்தவில்லை. முக்கால் விநாடி வெறும் மௌனம். அப்புறம் ‘டப்’. இதன் உச்சத்தைப் பேச்சின் உச்சமான -6-க்கு மேலே விடவில்லை. முதலில் -1 வரை ஏற்றியிருந்தேன். ஹெட்போனில் கேட்ட நண்பன் திடுக்கிட்டுக் காதைப் பிடித்தான், சிரிக்கவில்லை. முன்னால் மௌனம் இருந்தால் பேச்சளவிலேயே ‘டப்’ பெரிதாகக் கேட்கும்.

மௌனம் என்றால் முழு வெறுமை இல்லை. ட்ராக்கில் ஒன்றுமே இல்லாவிட்டால் போன் நின்றுவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். அவன் உட்கார்ந்து பேசிய அறையிலேயே, யாரும் பேசாமல் அரை நிமிடம் எடுத்து வைத்திருந்த அறைச் சத்தத்தை அந்த முக்கால் விநாடியில் நிரப்பினேன். மெதுவாக ஒரு ஃபேன் சத்தம், அவ்வளவுதான்.

சொல்லின் மேல் சத்தம் ஏறாமலிருக்க ஃப்ரேம் கணக்கு உதவும். 25 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிவிநாடி. சொல் முடிந்து ஐந்து ஃப்ரேமாவது தள்ளித்தான் எந்தச் சத்தமும் தொடங்க வேண்டும், சத்தம் அடங்கிய பிறகே அடுத்த சொல். அலுமினிய வாளி உருளும் சத்தம் இரண்டு விநாடி நீண்டு அடுத்த வரியின் மேல் ஏறியது. வரியைத் தள்ளினால் வேகம் போகும். அதனால் முதல் முக்கால் விநாடியை முழு அளவில் விட்டு, மீதியைச் சரித்து இறக்கினேன்.

அம்மச்சியின் கடைசி வரி: “ரப்பர் காய் வெடிச்சதுக்கா ஓய் இந்த ஓட்டம்?” இதற்கு அடியில் எதுவும் இல்லை. சில்வண்டுகூட இல்லை. ‘பொய்ங்’, கூட்டச் சிரிப்பு இரண்டையும் எடுத்துவிட்டேன். கார்ட்டூன் சத்தம் கூடாது என்றில்லை. ஆனால் இவன் முகத்தைக் கோணாமல் சொல்கிறவன், அதன் மேல் ‘பொய்ங்’ வைத்தால் அவன் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுவது போல ஆகிவிடுகிறது. வரி முடிந்து ஒரு விநாடி விட்டு, வெகுதூரத்தில் ஒரு சின்ன ‘டப்’. அது ஏழாவது.

போனில் கேட்டுப் பார்த்து வெளியிடுவது

எல்லாம் முடிந்ததும் ஒரு நாள் கேட்காமல் விடுங்கள். இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்த காதுக்கு வசனம் மனப்பாடம், எது மறைந்தாலும் தெரியாது. மறுநாள் போன் ஸ்பீக்கரில், பாதி வால்யூமில், கதை தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி ஒவ்வொரு வரியாகத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியில் பின்னணியை 3 டெசிபல் இறக்குங்கள். வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டும் ஒருமுறை கேட்டேன். அங்கே சில்வண்டு சுத்தமாகக் கேட்கவில்லை. அதனால் நஷ்டம் இல்லை, பேச்சும் மூன்று ‘டப்’பும் கேட்டன, கதை புரிந்தது. பின்னணி கேட்காவிட்டால் புரியாமல் போகும் கதை என்றால் அதை வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

ஏற்றுமதிக்கு முன் எல்லா ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து Mix and Render கொடுத்து ஒன்றாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த வேலை ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாக ஏற்றி, பின்னணியும் பேச்சளவுக்கு வந்துவிடும். பிறகு Loudness Normalization-இல் -14 LUFS கொடுங்கள், காதுக்குக் கேட்கும் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு அது. தானாக -23 என்று இருக்கும், மாற்ற மறந்தால் வீடியோ முனகும். யூடியூப் -14-ஐத் தாண்டியதைக் குறைத்துவிடும், ஆனால் குறைவாக இருப்பதைத் தானாக ஏற்றாது. கடைசியாக Limiter-ஐ -1 டெசிபலில் வையுங்கள். அதன் பிறகு அந்த மூன்று ‘டப்’பையும் மட்டும் திரும்பக் கேளுங்கள். அளவு ஏறியதில் லிமிட்டர் அவற்றின் முனையை நசுக்கியிருந்தால் ‘டப்’ என்பது ‘தப்’ என்று மழுங்கியிருக்கும். எனக்கு இரண்டாவது ‘டப்’ அப்படி ஆனது. அதை மட்டும் 2 டெசிபல் இறக்கித் திரும்ப ஏற்றுமதி செய்து, அத்தையிடம் போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை அவர் கேட்ட கேள்வி, “அந்த வாளி எங்க வீட்டு வாளியாக்கும்?”